புதன்கிழமை ஊசியோடு மூன்று கேள்விகள்

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு." இரண்டு வயதை நெருங்கியும் ஒரு சொல் வராத பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் ஆறுதல் இது. அடுத்து வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுவார்கள். அதற்கும் பேச்சு வராவிட்டால், நாக்கடி ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு பிசகலாம்; பேச்சே வராமல் போகாது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் குழந்தைக்கு மூன்று வயது ஆகிவிடும். அதுவரை காதைச் சோதித்தீர்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பது அரசின் கடமையாக வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதற்கு ஏற்ற நாளும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் முத்தடுப்பு பூஸ்டருக்கும் நம் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் ஒரு புதன்கிழமை நர்சம்மாவிடம் வந்துவிடுகிறார்கள். ஊசி போட்டு, காய்ச்சல் மருந்து கொடுத்து, அட்டையில் தேதி எழுதி அனுப்புவதோடு அந்தச் சந்திப்பு முடிந்துவிடுகிறது. அதே அட்டையில் வளர்ச்சிப் படிகள் படத்தோடு அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டியவை மூன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறதா? எத்தனை சொல் பேசுகிறது? பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ கையசைவோ இல்லாதது, 16 மாதத்தில் ஒற்றைச் சொல்கூட இல்லாதது, 24 மாதத்தில் "அம்மா வா" என்பதுபோல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்காதது ஆகியவை உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

விரல் நீட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது வேறு. மதில்மேல் இருக்கும் காக்காவைக் காட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. ஒன்றரை வயதில் இந்த இரண்டாவது வகை இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான பரிசோதனையும் சேர்த்துத் தேவை.

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, தானாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். தவழாமலே நேராக எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு. ஆகவே 14 மாதத்தில் நடக்கவில்லை என்று பதற வேண்டியதில்லை. 18 மாதம் தாண்டினால் காட்ட வேண்டும். ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டும் குழந்தையைப் பார்த்து "இவன் இடதுகைக்காரன்" என்று மகிழ்வதும் தவறு; மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்துதான் மாதத்தை எண்ண வேண்டும்.

பேச்சுக்கே திரும்புவோம், வீடுகள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 22 மாத ஆண் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஒரு சொல்லும் இல்லை. காது கேட்கிறதா என்று பார்க்கப் பாட்டி பின்னால் நின்று தட்டைத் தட்டுகிறாள். திரும்புகிறான். குக்கர் விசிலுக்கும் திரும்புகிறான். "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஆனால் தட்டின் சத்தம் பேச்சுச் சத்தத்தைவிடப் பல மடங்கு பெரியது. நடுத்தரக் கேள்விக் குறைபாடு உள்ள குழந்தை தட்டுக்குத் திரும்பும். சற்றுத் தள்ளி நின்று அம்மா பேசும் பேச்சில் பாதி அதன் காதில் விழாது. உயர்ந்த சுருதியில் மட்டும் குறை இருந்தால் கதவடைக்கும் சத்தம் கேட்கும், 'ச', 'க' போன்ற ஒலிகள் நழுவிப்போகும். கேட்காத ஒலியைக் குழந்தை எப்படித் திருப்பிச் சொல்லும்?

இந்தக் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது 'பெரா' சோதனை. தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, அதற்கு நரம்பு காட்டும் எதிர்வினையைப் பதிவு செய்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வலியும் இல்லை. பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டது என்பதும் போதாது. காதுக்குள் சிறு கருவி வைத்துச் செய்யும் 'ஓ.ஏ.இ.' சோதனை உட்செவியை மட்டுமே பார்க்கும். அதற்கப்பால் நரம்பில் உள்ள கோளாறு அதில் தப்பிவிடும். பிறந்தவுடன் கடுமையான மஞ்சள்காமாலையால் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு 'பெரா' முக்கியம். நடுக்காதில் நீர் கோத்திருப்பது போன்ற எளிய காரணம் தெரியவந்தால் நல்லது. கடுமையான குறைபாடு என்றாலும் காதொலிக் கருவி உண்டு. அது போதாத குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த வழி உண்டு. ஆனால் வயது ஏற ஏற அதன் பலன் குறையும். மூன்றாண்டுக் காத்திருப்பின் விலை இதுதான்.

தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே சரியாகிவிடுகிறார்களே, எல்லோரையும் ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று மருத்துவர்களே கேட்பதுண்டு. உண்மைதான், பலர் சரியாகிறார்கள். சொன்னதைப் புரிந்துகொண்டு, விரலால் காட்டி, பொம்மைக்குச் சோறூட்டி விளையாடும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஆனால் எந்தக் குழந்தை சரியாகும் என்பதை இரண்டு வயதில் முகம் பார்த்துச் சொல்ல முடியாது. தேவையில்லாமல் சோதித்தால் ஒரு காலைப்பொழுது வீணாகும். சோதிக்காமல் விட்டால் மொழி வேர்பிடிக்கும் ஆண்டுகள் வீணாகும். கைப்பேசிதான் காரணம் என்று சொல்லி அனுப்பும் வழக்கமும் பெருகிவிட்டது. கைப்பேசியைக் குறைக்கட்டும், காதையும் சோதிக்கட்டும்.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை அங்கன்வாடியில் உட்கார்ந்திருப்பதில்லை, வீட்டில் பாட்டியின் இடுப்பில் இருக்கிறது. எந்த வயதில் கண்டுபிடிப்பது மிகப் பயனுள்ளதோ அந்த வயதுக் குழந்தைதான் குழுவின் கண்ணுக்குத் தப்புகிறது. ஊசி நாளில் கேட்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். கேட்டால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் தேதி குறித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க" என்பது பரிந்துரை ஆகாது.

அந்தச் சீட்டு போய்ச் சேர வேண்டிய இடம் 'டி.இ.ஐ.சி.' எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இது இயங்குகிறது. குழந்தை மருத்துவர், கேள்வி-பேச்சுப் பயிற்சியாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு, கட்டணம் இல்லை. சென்னைப் பக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து வாசலோடு திரும்பும் பெற்றோர் உண்டு. பரிசோதனை செய்தால் சான்றிதழ் ஒட்டிவிட மாட்டார்கள்.

நர்சம்மா கேட்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் "பிள்ளை சரியா பேசல" என்று பொதுவாகச் சொன்னால், இன்னும் ஆறு மாதம் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "22 மாசம் ஆச்சு, ஒரு வார்த்தைகூட வரல, விரல் காட்ட மாட்டேங்கறான். காது டெஸ்ட் எழுதிக் கொடுங்க."