ஓசூர் தோழர்களே, மணிக்கு 5 ரூபாய் ஏறினா வாரத்துக்கு எவ்வளவு?

சிப்காட்டில் ஷிப்ட் முடிஞ்சு வரும் தோழர்களே, கூலி ஏறிய வார சம்பளச் சீட்டை ஒரு நிமிஷம் கையில எடுங்க.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது. விலைவாசிப் புள்ளி ஏறினா ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் பஞ்சப்படி ஏறணும். இது முதலாளி போடும் பிச்சை அல்ல, ஏறிய அரிசி விலைக்கான ஈடு.

ஒரு உதாரணக் கணக்கு. மாதக் கூலி 12,480 ரூபாயிலிருந்து 13,520 ஆகுதுன்னு வைப்போம். 26 நாளால் வகுத்தா நாள் கூலி 480-லிருந்து 520. எட்டு மணி நேரத்தால் வகுத்தா மணிக்கு 60-லிருந்து 65. வாரம் 48 மணி நேரத்துக்கு 2,880 வாங்கியவர் இனி 3,120 வாங்கணும். உயர்வு 240 ரூபாய். அதில் பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் பிடித்தது போக, கைக்கு வருவது 209 ரூபாய் சொச்சம்.

முதலாளிக்கு எவ்வளவு கூடுது? 240 ரூபாயோடு பி.எஃப். கணக்கில் 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். அது 39 ரூபாய். மொத்தம் வாரத்துக்கு 279. அதாவது மணிக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. மணிக்கு 30 உருப்படி அடிக்கும் தொழிலாளி என்றால், ஒரு உருப்படிக்கு 20 காசுக்கும் குறைவு!

"இந்தக் கூலி கொடுத்தா அத்திப்பள்ளிக்குப் போயிடுவோம்" என்று மிரட்டுறாங்க. போகட்டும். கர்நாடகாவிலும் ஏப்ரல் மாதம் பஞ்சப்படி ஏறத்தான் செய்யுது.

சின்னப் பட்டறை முதலாளியின் கஷ்டம் நமக்குப் புரியுது. ஜாப் ஒர்க் ரேட்டை அவர் வைப்பதில்லை, வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி வைக்குது. அந்த 20 காசை ரேட்டில் சேர்க்க வேண்டியது பெரிய கம்பெனிதான். தொழிலாளி வயிற்றில் கை வைக்காதே!

உண்மையான திருட்டு ஓ.டி.யில் நடக்குது. சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, மணிக்கு 130. வாரம் ஆறு மணி நேரம் ஓ.டி. பார்த்தவருக்கு 780 வரணும். 65 வீதம் 390 மட்டும் கொடுத்தா? ஏறியது 240, பறிபோனது 390. கூலி உயர்வையே விழுங்கி மேலும் 150 எடுத்துட்டாங்க.

சீட்டில் மூணு விஷயம் பாருங்க: நாள் கூலி மாறியிருக்கா, ஓ.டி. மணி தனியா எழுதியிருக்கா, பிடித்த பி.எஃப். உங்க கணக்கில் ஏறியிருக்கா. பஞ்ச் நேரத்தைத் தினமும் நோட்டில் குறிச்சு வைங்க. கான்ட்ராக்டர் கொடுக்கலைன்னா வேலை வாங்கும் கம்பெனியே கொடுக்கணும், அதுவும் சட்டம்தான்.

சீட்டில் குறைஞ்சா தனியா சண்டை போடாதீங்க. அதே லைனில் வேலை செய்யும் பத்துப் பேர் சீட்டைச் சேர்த்து, சங்கத்தோடு தொழிலாளர் துறைக்கு வாங்க. நாங்க கூட நிற்போம்.

உழைத்த மணிக்கு முழுக் கூலி! ஓ.டி.க்கு இரட்டைக் கூலி!