பாராட்டை எழுதலாம், பீத்தல் ஆகாமல்!

திருமணத்துக்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் மூன்று வருஷம் கல்லாவில் இருந்தேன். சின்னவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சாச்சு. மறுபடி ஒரு கடைக்கு விண்ணப்பம் எழுதினேன். "நான் மிகவும் திறமையானவள். மேலாளர் முதல் வாடிக்கையாளர் வரை எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள்" என்று.

அலுவலகத்தில் இதுபோல விண்ணப்பங்களைப் படிக்கும் என் நாத்தனார் சிரித்துவிட்டாள். "எல்லோரும்னா யாரு அண்ணி? எதுக்குப் பாராட்டினாங்க? நடந்ததைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அதையே இப்படி எழுதினோம்:

"2012 தீபாவளி சமயம் ஒருநாள் இரவு கல்லாவில் 500 ரூபாய் அதிகம் இருந்தது. பில் நகல்களில், வாங்கிய பணத்தையும் கொடுத்த மீதியையும் குறித்து வைப்பது என் வழக்கம். 1,460 ரூபாய் பில்லுக்கு 2,000 வாங்கிக்கொண்டு, 540க்குப் பதில் 40 மட்டும் நான் கொடுத்திருந்தது தெரிந்தது. ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த சீட்டில் அந்த அம்மாவின் போன் நம்பர் இருந்தது. மறுநாளே அழைத்துக் கொடுத்தோம். அன்று மேலாளர், 'கணக்கு இடிச்சா இந்தப் பொண்ணுகிட்ட குடுங்க' என்றார்."

இதில் 'திறமை' என்ற வார்த்தையே இல்லை. முதலில் வேலை, அப்புறம் பாராட்டு. அதோடு நிறுத்தியாச்சு. என் தவறையும் மறைக்காததால் பீத்தலாகத் தெரியவில்லை.

மேலாளர் சொன்னதை 'சிறந்த கணக்காளர் என்றார்' என்று மெருகேற்ற எனக்கு ஆசைதான். நாத்தனார் விடவில்லை. நாளைக்கு அவரிடமே விசாரித்தால், "நான் அப்படிச் சொல்லலையே" என்று வந்துவிட்டால் மொத்தமும் பொய்யாகிவிடுமே! அவரிடம் போனில் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதினேன். அந்த அம்மா 'தங்கமான பொண்ணு' என்று வாழ்த்தியதை விட்டுவிட்டேன். மனசுக்கு இனிக்கும், ஆனால் கல்லா வேலைக்கு அது சாட்சி ஆகாது. அவர் பெயரையும் எழுதவில்லை. வாடிக்கையாளர் பெயரை வெளியில் சொல்கிறவளை எந்தக் கடை நம்பும்?

ஒரு கடிதத்துக்கு ஒரு பாராட்டு போதும் என்பது என் கருத்து. இரண்டாவது வந்தாலே, படிப்பவருக்கு 'தம்பட்டம்' என்று தோன்றிவிடும்.

நேர்முகத்தில் முதலாளி கேட்ட முதல் கேள்வியே, "அந்த 500 ரூபாயை எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்பதுதான். நடந்ததை எழுதியிருந்ததால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. 'திறமையானவள்' என்று எழுதியிருந்தால் என்ன கேட்டிருப்பாரோ, நான்தான் என்ன சொல்லியிருப்பேனோ!

- ஒரு வாசகி, திண்டுக்கல்