வெள்ளி ரேட் ஏறுது... வீட்டுக்கு வர்ற பணம் ஏறுதா?

"தம்பி, இன்னிக்கு ரேட் எவ்வளவுப்பா?"

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, காரைக்குடி பக்கம் சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடுகளில் நலம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி இதுதான். "ஏறியிருக்குப்பா, இன்னிக்கே போட்டு விடுறேன்" என்று பதில் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சிங்கப்பூர் டாலரை இன்றும் `வெள்ளி' என்றே சொல்லும் ஊர் இது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த காலத்தில், ரூபாயும் வெள்ளியும் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டிப் போடப்பட்டிருந்தன. 1927-க்குப் பிறகு ஒரு வெள்ளி சுமார் ஒன்றரை ரூபாய், அவ்வளவுதான். தினமும் ரேட் கேட்கும் வேலையே அப்போது இருந்திருக்காது.

இப்போது அந்தக் கட்டு இல்லை. சரி, ரேட் ஏன் ஏறுகிறது? ஏறினால் அது உண்மையிலேயே லாபம்தானா?

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் 2010-ல் சிங்கப்பூர் போகிறார். மாதம் 1,000 வெள்ளி அனுப்புகிறார். அந்த வருடம் ஒரு வெள்ளியின் சராசரி மதிப்பு சுமார் 33 ரூபாய் 50 காசு. குன்றக்குடி வீட்டுக்கு மாதம் 33,500 ரூபாய் வந்து சேர்கிறது. பத்து வருடம் கழித்து, 2020-ல் சராசரி ரேட் சுமார் 53 ரூபாய் 70 காசு. அதே 1,000 வெள்ளிக்கு இப்போது 53,700 ரூபாய். மாதம் 20,000 ரூபாய் கூடுதல். அப்பா ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார்தானே?

இந்தப் பத்து வருடத்தில் விலைவாசி என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, 2010-ல் இந்தியாவில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களை 2020-ல் வாங்க ஏறக்குறைய 183 ரூபாய் வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 100 வெள்ளிக்கு வாங்கியதற்கு 114 வெள்ளி போதும். அங்கே பணவீக்கம் அவ்வளவு குறைவு. சில வருடங்களில் விலைகள் இறங்கவே செய்தன.

இனி ஒரே ஒரு வகுத்தல். 183-ஐ 114-ஆல் வகுத்தால் 1.605. பழைய ரேட்டான 33.50-ஐ இதனால் பெருக்கினால் 53 ரூபாய் 80 காசு. 2020-ன் உண்மையான ரேட் 53 ரூபாய் 70 காசு!

இது மந்திரம் இல்லை. பொருளாதாரத்தில் இதற்கு `வாங்கும் திறன் சமநிலை' என்று பெயர். எந்த நாட்டில் விலைவாசி வேகமாக ஏறுகிறதோ, அந்த நாட்டுப் பணம் அந்த வேக வித்தியாசத்தின் அளவுக்கு மதிப்பு இறங்கும் என்பதுதான் அதன் சாரம். குன்றக்குடியில் முடி வெட்டும் கூலியும் சிங்கப்பூரில் முடி வெட்டும் கூலியும் சமமாக இருக்க வேண்டும் என்று இது சொல்லவில்லை. அது எந்தக் காலத்திலும் சமமாக இருந்ததில்லை. முடி வெட்டுவதைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாதே! நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலான மாற்றத்தைப் பற்றி மட்டும்தான் இந்தக் கணக்கு பேசுகிறது.

ஆத்தங்குடி கல் சொல்லும் காரணம்

ஏன் அப்படி நடக்கிறது? பக்கத்திலுள்ள ஆத்தங்குடியையே பார்க்கலாம். கண்ணாடி மேல் வார்த்து, கையால் செய்யும் பூக்கல் அது. 2010-ல் ஒரு கல்லின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க்காரருக்கு அது சுமார் 3 வெள்ளி. சிமென்ட், மணல், கூலி எல்லாம் ஏறி, 2020-ல் அதே கல் 183 ரூபாய் ஆகிறது. ரேட் மட்டும் 33.50-லேயே நின்றிருந்தால், சிங்கப்பூரில் அதன் விலை சுமார் ஐந்தரை வெள்ளி. அங்கே மற்ற பொருள்களோ 14 சதவிகிதம்தான் ஏறியிருக்கின்றன. வாங்குகிறவர் வேறு கல் பார்க்கப் போய்விடுவார். இங்கே இருப்பவருக்கோ வெளிநாட்டுச் சாமான் மலிவாகத் தெரியும். ஏற்றுமதி குறையும், இறக்குமதி கூடும், வெளிநாட்டுப் பணத்துக்குத் தேவை அதிகமாகும், ரூபாய் இறங்கும். ரேட் 53.70 ஆனதால்தான் அந்தக் கல்லின் விலை சுமார் 3 வெள்ளி 40 காசில் நிற்கிறது. ஊரோடு ஒத்த விலை.

மறுபடியும் அப்பாவின் 53,700 ரூபாய்க்கு வருவோம். 2010-ல் 33,500 ரூபாயில் நடந்த குடும்பத்தை 2020-ல் அதே மாதிரி நடத்த, 183 சதவிகிதக் கணக்கில் சுமார் 61,300 ரூபாய் வேண்டும். வருவதோ 53,700. அதாவது, ரேட் 20 ரூபாய் ஏறியும் வீட்டுக்கு மாதம் 7,600 ரூபாய் குறைகிறது.

அந்தக் குறை எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரிலும் விலை 14 சதவிகிதம் ஏறியதே, அதிலிருந்துதான். இரண்டு நாட்டு விலைவாசிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் ரேட் ஈடுகட்டும். சிங்கப்பூரின் சொந்த விலையேற்றத்தை மகனின் சம்பள உயர்வுதான் ஈடுகட்ட வேண்டும். அவர் 1,000-க்குப் பதில் 1,140 வெள்ளி அனுப்பியிருந்தால், 53.70 ரேட்டில் ஏறக்குறைய 61,200 ரூபாய் வந்திருக்கும். கணக்கு நேராகியிருக்கும். பத்து வருடமாகச் சம்பளம் உயராமல், "ரேட் ஏறியிருக்கே" என்று ஆறுதல்பட்டுக்கொண்டு உழைக்கும் தம்பிகளின் கதை இந்த 7,600 ரூபாய்க்குள்தான் இருக்கிறது.

2013-ல் ஏமாந்தது எப்படி?

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் கணக்கு அழகாக இருக்கிறது. நடுவில் அது படாதபாடு பட்டது. 2013 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டாலர் 54 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி, சந்தையில் பணம் இறக்குவதைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும் முதலீட்டாளர்கள் இந்தியாவிலிருந்து பணத்தை எடுத்தார்கள். ஆகஸ்ட் 28-ல் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. வெள்ளியும் 43, 44-லிருந்து 50-க்கு மேலே பாய்ந்தது. இந்த நான்கு மாதத்தில் குன்றக்குடி மளிகைக் கடையில் விலை 20 சதவிகிதம் ஏறிவிடவில்லை. விலைவாசிக் கணக்கின்படி அந்த வருடம் வெள்ளி சுமார் 39 ரூபாயில் இருந்திருக்க வேண்டும். உண்மையான சராசரியோ 47-ஐ நெருங்கியது.

அதாவது, ரேட் முன்னால் ஓடிவிட்டது. விலைவாசி பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. இந்த இடைவெளி இரண்டு வழிகளில் மூடலாம். ரேட் திரும்பி வரலாம், அல்லது ரேட் நின்ற இடத்திலேயே நிற்க, விலைவாசி வந்து சேரலாம். இந்த முறை இரண்டாவதுதான் நடந்தது. 2014 முதல் 2017 வரை வருடச் சராசரி 46 ரூபாய்க்கும் 49 ரூபாய்க்கும் இடையிலேயே ஊசலாடியது. 2017-ல் விலைவாசிக் கணக்குப்படி வரவேண்டிய ரேட் 47. உண்மையான ரேட்டும் 47!

ஆகவே, வெள்ளிக்கு உண்மையிலேயே அதிகச் சாமான் கிடைத்தது 2013-லும் அதையொட்டிய ஓரிரு வருடங்களிலும்தான். கையிலிருந்த பணத்தை அப்போதே அனுப்பி வீட்டு வேலையை முடித்தவர்களுக்கு லாபம். "ரேட் இப்படியே ஏறும், தவணை தானாகக் குறையும்" என்று ரூபாயில் கடன் வாங்கியவர்களின் நிலைமை வேறு. மாதத் தவணை 40,000 ரூபாய் என்றால், 53 ரூபாய் ரேட்டில் 755 வெள்ளி அனுப்பினால் போதும். 47-க்கு வந்தபோது 851 வெள்ளி தேவைப்பட்டது. மாதம் ஏறக்குறைய 100 வெள்ளி கூடுதல். தொழிலாளர் விடுதியில் தங்கி ஓவர் டைம் பார்ப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

2020-க்குப் பிறகு வேறொரு விதமாகக் கணக்கு தவறியது. 2022-ல் சிங்கப்பூரிலேயே பணவீக்கம் 6 சதவிகிதத்தைத் தாண்டியது, கிட்டத்தட்ட இந்தியா அளவுக்கு. வித்தியாசம் சுருங்கினால் ரேட்டும் மெதுவாகத்தானே ஏற வேண்டும்? 2020-லிருந்து 2024 வரை இந்தியாவில் 100 என்பது 124 ஆனது. சிங்கப்பூரில் 116-க்குச் சற்று மேல். அதன்படி வெள்ளி 57 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ 62-க்கு மேல்.

காரணம், சிங்கப்பூரின் தனி வழக்கம். நம் ரிசர்வ் வங்கி விலைவாசியை அடக்க வட்டியைக் கூட்டும். சிங்கப்பூர் நாணய ஆணையமோ 1981-லிருந்து வட்டிக்குப் பதில் வெள்ளியின் மதிப்பைத்தான் கருவியாகப் பிடித்திருக்கிறது. சாப்பாடு முதல் எரிபொருள் வரை இறக்குமதியை நம்பிய நாடு அது. வெள்ளி வலுவாக இருந்தால் இறக்குமதி மலிவாகும். எனவே 2021 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடத்தில் ஐந்து முறை வெள்ளியை வலுப்படுத்தும் முடிவை எடுத்தார்கள். பணவீக்கம் ஏறினால் நாணயம் இறங்கும் என்கிறது கணக்கு. பணவீக்கம் ஏறியதால் அவர்கள் நாணயத்தை ஏற்றினார்கள்.

இனி எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவிகிதம். சிங்கப்பூரில் 2 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 1.04-ஐ 1.02-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.0196. வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவிகிதம். 2024-ன் 62 ரூபாய் 50 காசிலிருந்து இந்த நடையில் போனால், ஐந்து வருடம் கழித்து, 2029-ல் வெள்ளி 69 ரூபாயைத் தொடும்.

ஆனால், 2025 முடிவதற்குள்ளேயே அது 69-ஐத் தொட்டுவிட்டது. அதுவும் இந்தியாவில் பணவீக்கம் அக்டோபரில் கால் சதவிகிதம் வரை இறங்கிய வருடத்தில்! ஐந்து வருட நடையை ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறது. மறுபடியும் 2013 போல ரேட் முன்னால், விலைவாசி பின்னால். அடுத்து ரேட் நிற்குமா, திரும்புமா, இன்னும் ஓடுமா என்பதை இந்த வகுத்தல் சொல்லாது. எந்த வருடத்தை ஆரம்பமாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக்கூட விடை மாறும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஊரில் கொத்தனாரின் ஒரு நாள் கூலி, ஒரு மூட்டை சிமென்ட், ஒரு மாத மளிகை... இவற்றின் விலையை ரூபாயில் எழுதி, அன்றைய ரேட்டால் வகுத்து வெள்ளியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். ரேட் ஏறி, அந்த வெள்ளி எண்ணிக்கை குறைந்தால், தம்பியின் பணம் உண்மையிலேயே அதிகம் வாங்குகிறது. ரேட் ஏறியும் எண்ணிக்கை அப்படியே இருந்தால், ஏறியது ரேட் மட்டும்தான். எண்ணிக்கை கூடினால், ரேட் என்ன சொன்னாலும், "இந்த மாசம் கொஞ்சம் சேர்த்துப் போடுப்பா" என்று அப்பா போனில் கேட்க வேண்டியிருக்கும்.