உட்கார்ந்த வேலைதானே என்று இறங்காதீர்கள்!

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறீர்கள். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. (கடையில் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கா?)

உபரி வருமானத்துக்குப் பூக்கட்டலாம் என்று தரையில் சம்மணம் போடாதீர்கள். மடங்கிய முழங்காலில் அழுத்தம் கூடும், எழுந்திருக்கும்போது தெரியும். கால்மிதி தையல் மெஷினும் வேண்டாம். என் ஓட்டு, புடவைக்குக் கையால் ஃபால்ஸ் தைப்பதற்குத்தான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, புடவையை முழங்கை உயர மேஜையில் வையுங்கள். மடியில் போட்டுக் குனிந்து தைத்தால் முதுகும் பிடித்துக்கொள்ளும். அரைமணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடங்கள்.

முதல் வாரம் தினம் ஒரு புடவை போதும். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால், யோசிக்காமல் பாதியாகக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஊசியை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.