மூன்று புள்ளிகளில் மறையும் ஏற்றத்தாழ்வு



நம் நாட்டின் வருமானப் பங்கீட்டைப் பி40, எம்40, டி20 என மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பேச்சுக்கு அது போதும். ஏற்றத்தாழ்வை அளக்கப் போதாது என்பது என் கருத்து. ஒரு சிறு கணக்கே அதனை விளக்கும்.

ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 1000, 2000, 3000, 4000, 10000 ரிங்கிட் எனக் கொள்வோம். மொத்தம் 20000. குறைந்த வருமானத்திலிருந்து வரிசைப்படுத்திப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே சென்றால் 5, 15, 30, 50, 100 விழுக்காடு கிடைக்கும். கிடைக்கோட்டில் குடும்பங்களை 20, 40, 60, 80, 100 விழுக்காடு எனக் குறித்து, இப்புள்ளிகளை இணைத்தால் அதுவே லோரன்ஸ் வளைகோடு. அமெரிக்கரான மேக்ஸ் லோரன்ஸ் 1905இல் இதனை அறிமுகப்படுத்தினார். கோடு போகப்போகச் செங்குத்தாக வேண்டும். இடையில் சாய்வு குறைந்தால், வரிசை தவறிவிட்டது என்று பொருள்.

எல்லாருக்கும் சம வருமானம் என்றால் கோடு மூலைவிட்டமாகவே இருக்கும். அதன் கீழுள்ள பரப்பு 0.50. நம் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டினால் 0.30 வரும். இடைவெளி 0.20. அதனை 0.50ஆல் வகுத்தால் கினி கெழு 0.40.

இப்பொழுது இதே குடும்பங்களை மூன்று பிரிவாகச் சேர்ப்போம். கீழ் இருவர்க்கு 15, இடை இருவர்க்கு 35, மேல் ஒருவர்க்கு 50 விழுக்காடு. பரப்பு 0.31 ஆகிறது, கெழு 0.38ஆகக் குறைகிறது. எவருடைய வருமானமும் மாறவில்லை. 1000 ரிங்கிட் பெறுபவரும் 2000 பெறுபவரும் ஒன்றே எனக் கொண்டதால், அவ்விருவர்க்கும் இடையிலான வேறுபாடு கணக்கிலிருந்து மறைந்துவிட்டது.

நாட்டின் கணக்கிலும் இதுவே நேர்கிறது. புள்ளியியல் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பி40 பிரிவின் பங்கு 16.1, எம்40 பிரிவின் பங்கு 37.6, டி20 பிரிவின் பங்கு 46.3 விழுக்காடு. இம்மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கினி ஏறத்தாழ 0.35 வரும். துறை அறிவித்ததோ 0.404. மாணவர் 0.35 என எழுதினால் அவர் கூட்டல் தவறன்று. தரவு தந்த குறை அது. புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும்போது அக்கோடு உண்மையான வளைகோட்டுக்கு மேலேயே செல்லும். ஆகவே பிரிவுகளைச் சேர்த்துக் கண்ட கெழு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், ஒருபோதும் மிகாது.

இந்த இடைவெளியின் ஒரு பகுதி டி20 என்ற ஒற்றைப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அப்பிரிவின் வாயிலில் நிற்கும் இரட்டைச் சம்பளக் குடும்பமும் பெருஞ்செல்வரும் அங்கே ஒரே புள்ளி. எனவே பங்கீட்டைப் பற்றி எழுதுவோர் குறைந்தது பத்துப் பிரிவுகளாகவாவது தர வேண்டும். பத்துப் புள்ளிகள் தந்தால் உண்மையை நெருங்கலாம். மூன்றே தந்தால், சமத்துவம் கூடியதாய்த் தோன்றும் ஒரு படத்தையே மக்கள் காண்பர்.