ஐகான் காணோமா? அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள்!

"நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகப் பால் கணக்கு, தீவனச் செலவு, சினை ஊசி போட்ட தேதி எல்லாவற்றையும் செல்போனில் ஒரு ஆப்பில்தான் எழுதி வருகிறேன். போன வாரம் போன் தானாகவே அப்டேட் ஆனது. காலையில் பார்த்தால் மாட்டுத்தலை படம் போட்ட அந்த ஐகானைக் காணவில்லை. அண்ணன் மகன், 'அழிச்சிட்டு மறுபடி ஏத்திடலாம் அத்தை, ரெண்டு நிமிஷ வேலை' என்கிறான். செய்யலாமா? கணக்கு போய்விடுமா?"
- ஒட்டன்சத்திரம் பகுதியிலிருந்து ஒரு வாசகி

செய்யவே செய்யாதீர்கள் அம்மா. அண்ணன் மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தில் மூன்று வருடக் கணக்கும் போய்விடக்கூடும். கடிதத்தில் எண் கொடுத்திருந்ததால் இவரிடம் போனிலேயே பேசினேன். அவரிடம் நடந்ததையே இங்கே எழுதுகிறேன். இதே சிக்கல் பல வீடுகளில் இருப்பது வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது.

முதலில் ஒரு விஷயம். போனைத் திறந்ததும் முகப்பில் தெரிகிற ஐகான், ஆப் அல்ல. ரோட்டு முக்கில் 'ராமசாமி தோட்டம்' என்று அம்புக்குறி போட்ட பலகை மாதிரி அது. பலகை காற்றில் விழுந்துவிட்டால் தோட்டம் காணாமல் போய்விடாது. தோட்டம் உள்ளேதான் இருக்கும், வழிதான் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் ஐகான் மறைவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பலகை மட்டும் போயிருக்கிறது, அல்லது யாரோ ஆப்பை மறைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு, ஆப் முடக்கப்பட்டிருக்கிறது. மூன்று, ஆப்பே அழிக்கப்பட்டுவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. நோய் தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று மாடு வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசகியிடம் முதலில், முகப்புத் திரையில் கீழிருந்து மேலே விரலால் தள்ளச் சொன்னேன். போனில் இருக்கும் எல்லா ஆப்களும் வரிசையாக வரும். மாட்டுத்தலை அங்கேயும் இல்லை. மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் ஆப்பின் பழைய பெயரைத் தட்டினார். அதுவும் கிடைக்கவில்லை. "போச்சு சார்" என்றார். குரலே உடைந்துவிட்டது.

அடுத்து பிளே ஸ்டோரைத் திறக்கச் சொன்னேன். வலது மேல் மூலையில் வட்டமாக நம் படமோ எழுத்தோ இருக்கும். அதைத் தொட்டு "Manage apps & device" என்பதற்குள் போய், அதில் "Manage" என்ற பிரிவைத் தொட்டால் போனில் உள்ள ஆப்களின் பட்டியல் வரும். வரிசைப்படுத்தும் இடத்தில் "Recently updated" என்று மாற்றினார். கடைசியாக அப்டேட் ஆனது முதலில் வரும். இரண்டாவது வரியில் பச்சை நிற இலை போட்ட ஒரு ஆப் நின்றது. பெயரும் வேறு. "இது என்னுடையது இல்லையே" என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே விளக்கப் படங்களில் அவருக்குப் பழக்கமான கணக்குப் பக்கமே இருந்தது.

நடந்தது இதுதான். ஆப்பைச் செய்தவர்கள் அப்டேட்டில் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டார்கள். கூடவே ஆப்பின் உள் வாசலின் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். முகப்பில் இருந்த பலகை பழைய வாசலைக் காட்டியதால், 'இப்படி ஒரு வாசலே இல்லை' என்று போன் அதை எடுத்துவிட்டது. ஆப் அதேதான், கணக்கும் அதேதான். இவர் மாட்டைத் தேடினார், அது இலையாக மாறி நின்றது.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, பெரிதாகத் தெரியும் பட்டனைப் பாருங்கள். தொட வேண்டாம், படித்தால் போதும். "Open" அல்லது "Update" என்று இருந்தால் ஆப் போனுக்குள் நலமாக இருக்கிறது, வழிதான் மறைந்திருக்கிறது. "Enable" என்று இருந்தால் முடக்கப்பட்டிருக்கிறது. "Install" என்று இருந்தால் அழிக்கப்பட்டுவிட்டது. நம் வாசகிக்கு "Open" இருந்தது.

ஆனாலும் உடனே திறக்கச் சொல்லவில்லை. போனின் "Settings" போய் "Apps" பட்டியலில் அந்தப் புதுப் பெயரைத் தேடி, அதற்குள் "Storage" பகுதியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஆப்பின் அளவு தனியாகவும், "User data" என்ற நம்முடைய பதிவுகளின் அளவு தனியாகவும் இருக்கும். சில போன்களில் வெறும் "Data" என்று இருக்கும். அவருக்கு 6 எம்.பி. காட்டியது. எதுவும் எழுதாத புது ஆப் என்றால் பெரும்பாலும் சில கே.பி.தான் இருக்கும். கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதே பக்கத்தில் "Clear data" அல்லது "Clear storage" என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் மட்டும் விரல் படக் கூடாது. அது களையெடுக்கப் போய்ப் பயிரையே பிடுங்குகிற வேலை. பக்கத்திலேயே இருக்கும் "Clear cache" தற்காலிகக் குப்பையை மட்டும்தான் எடுக்கும், ஆனால் இந்தச் சிக்கலுக்கு அதுவும் உதவாது. பிறகு ஆப்பைத் திறந்தார். நேற்று மாலைப் பால் வரைக்கும் இருந்தது. இலை ஐகானை விரலால் அழுத்திப் பிடித்து இழுத்து முகப்பில் வைத்துக்கொண்டார்.

மறைத்து வைத்த ஆப் என்றால் கதை கொஞ்சம் வேறு. பிளே ஸ்டோர் பட்டன் "Open" என்றே காட்டும், தொட்டால் திறக்கும், அறிவிப்புகளும் வழக்கம்போல வரும். ஆனால் கீழிருந்து தள்ளினால் வரும் பட்டியலில் மட்டும் இருக்காது. வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வதுண்டு. முகப்பில் காலியான இடத்தில் அழுத்திப் பிடித்து, வரும் செட்டிங்ஸில் "Hide apps" என்று இருக்கிறதா பாருங்கள். எல்லா போன்களிலும் இந்த வசதி இதே இடத்தில் இருக்காது. சிலவற்றில் ஆப்களுக்குப் பூட்டுப் போடும் பகுதிக்குள் இருக்கும்.

முடக்கப்பட்ட ஆப் பெரும்பாலும் போன் வாங்கும்போதே உள்ளே இருந்த ஆப்பாகத்தான் இருக்கும். அவற்றை அழிக்க முடியாது, அதனால் இடம் மிச்சம் செய்ய யாராவது "Disable" செய்திருப்பார்கள். "Settings" பட்டியலில் பெயர் இருக்கும், பக்கத்தில் "Disabled" என்று எழுதியிருக்கும். உள்ளே போய் "Enable" தொட்டால் உயிர் வந்துவிடும். முகப்பில் ஐகான் வராமல் இருந்தால் பட்டியலிலிருந்து மறுபடி இழுத்து வைக்க வேண்டும். முடக்கும்போது 'தொழிற்சாலைப் பதிப்புக்கு மாற்றவா' என்று போன் கேட்டு, சரி என்று சொல்லியிருந்தால் அந்த ஆப்பில் இருந்த பதிவுகள் அப்போதே போயிருக்கும்.

அழிக்கப்பட்டதுதான் கஷ்டமான நிலை. முகப்பு ஐகானை அழுத்திப் பிடித்தால் "Remove", "Uninstall" என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். முதலாவது பலகையை மட்டும் எடுக்கும், இரண்டாவது தோட்டத்தையே எடுக்கும். வயதானவர்கள் கைதவறித் தொடுவது இங்கேதான். ஆப் போய்விட்டால் பதிவுகள் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி. அரசின் உழவன் செயலி, யு.பி.ஐ. ஆப், வங்கி ஆப் போன்றவற்றில் நம் கணக்கு அவர்களுடைய கணினியில் இருக்கிறது. மறுபடி ஏற்றி, அதே போன் எண்ணில் நுழைந்தால் வந்துவிடும். வங்கிப் பணம் ஆப்பில் இல்லை, வங்கியில் இருக்கிறது. வங்கியில் பதிந்த சிம் போனில் இருக்க வேண்டும்.

பால் கணக்கு மாதிரி, உள்நுழையக் கேட்காமல் போனுக்குள்ளேயே எழுதும் ஆப்கள்தான் ஆபத்து. கூகுள் கணக்கில் தானியங்கி காப்புப் பிரதி இருந்தால், மறுபடி ஏற்றும்போது திரும்ப வரக்கூடும். ஆனால் அதில் ஒரு ஆப்புக்கு 25 எம்.பி. வரைதான் இடம், சில ஆப்கள் அதற்கே இடம் கொடுப்பதில்லை. இன்னொன்று, போன் சார்ஜில் இருந்து, யாரும் தொடாமல், வைஃபையில் இருக்கும்போதுதான் பொதுவாக அந்தப் பிரதி எடுக்கப்படும். நம் ஊரில் பலருக்கு வைஃபையே கிடையாது. எனவே காப்புப் பிரதி 'ஆன்' என்று காட்டினாலும், "Settings"-இல் "Backup" என்று தேடி, கடைசியாக எடுத்த தேதியைப் பாருங்கள். ஒரு வருடப் பழசாகக்கூட இருக்கும். மொபைல் டேட்டாவில் எடுக்க அனுமதிக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

நம் வாசகியின் ஆப்புக்குள் "Export" என்று ஒரு வசதி இருந்தது. அதைத் தொட்டுக் கணக்கை ஒரு கோப்பாக எடுத்து, அண்ணன் மகனின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டார். மாதம் ஒருமுறை, பால் பணம் வாங்கும் நாளில் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இவருக்கு அப்டேட் பிளே ஸ்டோர் வழியாக வந்தது. உங்களுக்கு வாட்ஸ்அப்பில், 'உதவித்தொகை ஆப்பை அப்டேட் செய்யுங்கள்' என்று .apk என முடியும் கோப்பு வந்து, அதை ஏற்றிய பிறகு ஐகான் மறைந்திருந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மோசடி ஆப்கள் வேண்டுமென்றே தங்கள் ஐகானை ஒளித்துக்கொள்ளும். பின்னாலிருந்து ஓ.டி.பி. குறுஞ்செய்திகளைப் படிக்கும். பி.எம். கிசான் பெயரில் இப்படிக் கோப்புகள் சுற்றுகின்றன. உடனே டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். "Settings", "Apps" பட்டியலில் நீங்கள் ஏற்றாத பெயரோ, பெயரே இல்லாத வரியோ இருந்தால் அதைத் தொட்டு "Uninstall" செய்யுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், "Settings" தேடலில் "Device admin" என்று தட்டி, முதலில் அங்கே அதன் அனுமதியை நீக்கிவிட்டு வாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

போனை வைக்கும் முன் வாசகி ஒன்று கேட்டார்: "அந்த மாட்டுப் படத்தைத் திரும்பக் கொண்டு வர முடியாதா சார்?" அந்த ஆப்பில் முடியாது. ஆனால் இலைக்கு அருகில் தன் மாட்டின் போட்டோவைத் திரையின் பின்னணியாக வைத்துக்கொண்டதாக மறுநாள் சொன்னார்.