டிரைவர் தூங்கிட்டாராம்!

பேப்பரில் அடிக்கடி பார்க்கிற செய்திதான். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரி முன்னால் போன வண்டி மீது மோதும். கடைசி வரியில் "டிரைவர் தூங்கியதே விபத்துக்குக் காரணம் என்று தெரிகிறது" என்று முடிப்பார்கள். நாமும் "சே, பொறுப்பில்லாதவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு அந்தக் கடைசி வரி மேல்தான் கோபம். அவர் மூன்று மணிக்குத் தூங்கினார், சரி. அதற்கு முந்தைய 20 மணி நேரம் அவர் எங்கே இருந்தார்? அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு விடை தெரியும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் க்யூவில் நின்றிருப்பார்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கங்களில் கன்டெய்னர் யார்டுகள் இருக்கின்றன. அங்கே பெட்டியை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாகக் காசிமேடு தாண்டி, ராயபுரம் பக்கம் இருக்கிற ஜீரோ கேட் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குள் போக வேண்டும். கேட்டில் பேப்பர் சரிபார்ப்பு தாமதமானாலோ, உள்ளே கிரேன் மெதுவாக வேலை செய்தாலோ, வெளியே வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டுவிடும். பல வருடங்களாக இது எங்கள் ஏரியாவின் நிரந்தரக் காட்சி.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் (பி.காம் படிக்கிறவனுக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியாது). ஆள் கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்ட ஆட்களை நாம் தினமும் தாண்டித்தான் காலேஜுக்குப் போகிறோம். ஒரு டிரெய்லர் டிரைவர் காலை 6 மணிக்கு எழுகிறார். 10 மணிக்கு மணலியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு க்யூவில் சேருகிறார். ராத்திரி 8 மணிக்கு கேட் உள்ளே போகிறார். பெட்டியை இறக்கி, பெங்களூரு போகிற இம்போர்ட் பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது மணி 11.

இந்த நிமிடத்தில் அவர் கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் நெடும்பயணம் ஆரம்பிக்கவே இல்லை.

இந்த 17 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997இல் ஒரு சோதனை செய்தார்கள். தூங்காமல் இருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பையும், குடித்தவரின் ஒருங்கிணைப்பையும் ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.03 சதவீதம். அதாவது நம் டிரைவர் ஒரு சொட்டு கூடக் குடிக்காமல், போதையில் இருப்பவரின் நிலையில் கேட்டை விட்டு வெளியே வருகிறார். ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்யம் காட்டும். "போலாம் ரைட்!"

11 மணிக்குக் கிளம்பினால் லோடு வண்டிக்கு வேலூர் தாண்டும்போது மூன்று மணி ஆகிவிடும். மனித உடம்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. ராத்திரி 2 முதல் 6 வரை அது நம்மைப் படுக்கச் சொல்லி இழுக்கிற நேரம். 21 மணி நேர விழிப்பும் இந்த இழுப்பும் சேருகிற இடத்தில்தான் அந்த பேப்பர் செய்தி பிறக்கிறது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால் 67 மீட்டர். நாலு டிரெய்லர் நீளத்துக்கு மேல் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

"க்யூவில் நிற்கும்போது தூங்க வேண்டியதுதானே? பத்து மணி நேரம் சும்மாதானே இருந்தார்?" ஓனர்கள் சொல்கிற பதில் இது. நம் வகுப்பிலேயே ஒரு நண்பன் கேட்டான். ஐயா, க்யூ நிற்பதில்லை, நகர்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வண்டி தூரம் நகரும். கண் அசந்தால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், பக்கத்தில் இருப்பவர் உள்ளே நுழைந்துவிடுவார். கேபினில் வெயில் கொதிக்கும். டீசலும் பேட்டரியும் திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பப்படுகிற தூக்கம் உடம்பின் கணக்கில் தூக்கமாகவே சேராது. அது ஓய்வும் இல்லை, சம்பளம் உள்ள வேலையும் இல்லை.

இங்கேதான் என் பாடப் புத்தகம் எனக்குள் எரிச்சலைக் கிளப்புகிறது. துறைமுகத்தில் பெட்டி இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ் கட்ட வேண்டும். பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் கம்பெனி டிடென்ஷன் சார்ஜ் போடும். காலி இரும்புப் பெட்டி காத்திருந்தால்கூட அதற்கு நாள் வாடகை உண்டு. அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு காத்திருக்கும் மனிதனுக்கு? பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா, அவ்வளவுதான். க்யூவில் இரண்டு மணி நேரம் போனாலும் இருபது மணி நேரம் போனாலும் அதே தொகை. அதனால் க்யூவில் இழந்த நேரத்தை அவர் எங்கே ஈடுகட்டுவார்? ராத்திரி ரோட்டில், தன் தூக்கத்திலிருந்து. "அவங்களே பேராசைப்பட்டு நிறைய டிரிப் அடிக்கிறாங்க" என்பவர்கள் இந்தக் கூலி முறையை ஒரு முறை பேப்பரில் எழுதிப் பார்க்கட்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. ஓய்வையும் சேர்த்து மொத்த வேலை நாள் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. நம் டிரைவரின் வேலை நாளை 6 மணியிலிருந்து எண்ணினால் மாலை 6 மணிக்கே முடிந்திருக்க வேண்டும். அப்போது அவர் கேட்டுக்குள்ளேயே போகவில்லை!

ஓட்டை எங்கே? முதலாவது, ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக இருக்கும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்றிரண்டு டிரெய்லர் வைத்திருக்கும் ஓனர்கள் எல்லாரும் அதற்கு வெளியே. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டு தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதில் இந்த எல்லை பத்துப் பேர். குறைப்பார்கள் என்று பார்த்தால் கூட்டியிருக்கிறார்கள்! இரண்டாவது, பழைய சட்டம் முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைவானதைத்தான் வேலை நேரம் என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்து எழுதிய வரி அது. பத்து மணி நேர ஹார்பர் க்யூவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சரி, சட்டம் மாறும்வரை இன்று ராத்திரி வண்டி ஓட்டுகிற அண்ணன்கள் என்ன செய்வது? அப்பா, மாமா, சித்தப்பா என்று யாராவது ஓட்டுகிற வீடுகள் இங்கே நிறைய. அவர்களிடம் சொல்லுங்கள்.

கொட்டாவி முதல் மணி. கண் எரிச்சல், கழுத்து தானாகக் கீழே விழுவது இரண்டாவது மணி. கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று நினைவில்லை, வண்டி கோட்டின் மேல் ஏறி ஏறி இறங்குகிறது, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைகிறது என்றால், மூளை ஏற்கனவே ஓரிரு முறை அணைந்து எரிந்துவிட்டது. அடுத்த டீக்கடை வரை ஓட்டிவிடலாம் என்கிற நினைப்புதான் ஆபத்து.

முகம் கழுவுவது, ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது இவையெல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்னும் ரெய்னரும் இவற்றில் கடைசி இரண்டையும் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நம் நெடுஞ்சாலைகளில் போலீஸ்காரர்கள் ராத்திரி லாரியை நிறுத்தி முகம் கழுவ வைத்து டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நிறுத்துவது நல்ல காரியம். உடனே அனுப்பிவிடுவதுதான் தப்பு. அந்த டீ வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும்.

அதே ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி எளிமையானது. ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 15 நிமிடம் தூங்க வேண்டும். விழிக்கும் நேரத்தில் காபியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். எழுந்ததும் கிளம்பாமல் பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடந்து டயரைத் தட்டிப் பாருங்கள். நிறுத்தும் இடம் பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கத்து பார்க்கிங், லாரி நிறுத்துமிடம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். ரோட்டோரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் டிரெய்லர் இன்னொரு தூங்கும் டிரைவருக்கு எமன். இதெல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்தைக் கடன் வாங்குவதுதான். 21 மணி நேரக் கடனை அடைக்க ஆறேழு மணி நேரத் தூக்கம் தவிர வேறு நாணயம் கிடையாது.

அந்தக் கடனை யார் வாங்க வைத்தார்களோ அவர்கள் கட்டட்டும் என்பதுதான் என் கட்சி. கேட் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், டோல்கேட் தாண்டிய நேரம் எல்லாமே கம்ப்யூட்டரில் பதிவாகிறது. அதை வைத்து மூன்று காரியம் செய்யலாம். க்யூ நேரத்தை வேலை நேரமாக எண்ணுங்கள். பெட்டிக்கு டெமரேஜ் போல டிரைவருக்கும் மணிக்கணக்கில் காத்திருப்புப் படி கொடுங்கள். வரிசைக்குப் பதிலாக டோக்கன் கொடுத்து, முறை வரும்வரை வண்டியை யார்டில் நிறுத்திவிட்டுப் படுக்க விடுங்கள். இரண்டாவதைச் செய்தாலே மற்ற இரண்டும் தானாக நடக்கும். காசு போனால்தானே க்யூவைக் குறைக்க யாராவது யோசிப்பார்கள்?

அதுவரை அந்தச் செய்தியின் கடைசி வரியைப் படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முந்தின நாள் இவர் எத்தனை மணி நேரம் க்யூவில் இருந்தார்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக லாரி ஓனர் வீட்டுப் பிள்ளைகள், பின்னூட்டத்தில் வரலாம். சண்டைக்கு நான் ரெடி.